ஆறு விலை, ஒரே சராசரி: மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதாமாதம் ஒரே தொகை போட்டால் வாங்கும் விலை சராசரி ஆகிவிடும் என்கிறார்கள். அது எப்படி?

தொகை மாறாது, யூனிட் எண்ணிக்கை மாறும். விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு யூனிட்டின் அன்றைய விலையைத்தான் என்.ஏ.வி என்கிறோம். விலை ஏறியிருக்கும் மாதத்தில் உங்கள் தவணைக்குக் குறைவான யூனிட் கிடைக்கும், இறங்கியிருக்கும் மாதத்தில் அதே தவணைக்கு அதிகம் கிடைக்கும். நீங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை, வகுத்தல் கணக்கே அதைச் செய்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு போகலாம். எந்த நாட்டுப் பணம் என்றாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். மாதத் தவணை 6,000. ஆறு மாதம்.

| மாதம் | என்.ஏ.வி | கிடைத்த யூனிட் |
|---|---|---|
| 1 | 60 | 100 |
| 2 | 50 | 120 |
| 3 | 40 | 150 |
| 4 | 30 | 200 |
| 5 | 40 | 150 |
| 6 | 48 | 125 |

போட்டது 36,000. சேர்ந்தது 845 யூனிட். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஒரு யூனிட் சராசரியாக 42.60க்கு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆரம்பித்த நாளில் விலை 60, இப்போது 48, அதாவது ஃபண்டு இருபது சதவீதம் இறங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் 845 யூனிட்டின் இன்றைய மதிப்பு 40,560. போட்டதைவிட 4,560 அதிகம். முதல் மாதமே 36,000 முழுவதையும் 60 விலையில் போட்டவரிடம் 600 யூனிட்தான் இருக்கும், அதன் மதிப்பு 28,800.

இந்த உதாரணம் பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது இல்லையா? தவணை முதலீட்டை விளக்கும்போது பெரும்பாலும் விலை இறங்கி ஏறுகிற இந்த மாதிரி வரிசையைத்தான் காட்டுவார்கள். கொஞ்சம் கீழே போனால் இதே ஆறு விலைகள் வேறு முகத்தையும் காட்டும், அதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ஆறு விலையையும் கூட்டி ஆறால் வகுத்தால் 44.67 வருகிறதே, உங்களுக்கு மட்டும் எப்படி 42.60?

நல்ல கேள்வி, நிறைய பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

44.67 என்பது மாதத்துக்கு மாதம் ஒரே எண்ணிக்கையில் யூனிட் வாங்குகிறவருடைய சராசரி. மாதம் 120 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் 720 யூனிட், செலவு 32,160, வகுத்தால் 44.67. அவருக்கு 60 விலையுள்ள மாதமும் 30 விலையுள்ள மாதமும் ஒரே எடை. நீங்கள் அப்படி வாங்கவில்லை. 60 விலையில் 100 யூனிட்தான் வாங்கினீர்கள், 30 விலையில் 200 வாங்கினீர்கள். மலிவான மாதத்துக்கு உங்கள் கணக்கில் இரண்டு மடங்கு எடை இருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

பள்ளிக் கணக்கில் முதலாவதைக் கூட்டுச் சராசரி என்றும் இரண்டாவதை இசைச் சராசரி என்றும் படித்திருப்போம். விலைகள் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது வேறுபட்டால் இசைச் சராசரி எப்போதும் கூட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே வரும். அது சந்தையைப் பொறுத்ததே இல்லை, கணித விதி. எவ்வளவு குறையும் என்பதுதான் விலைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

அப்படியென்றால் அந்த 2.07 வித்தியாசம் எனக்கு நிச்சய லாபமா?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

லாபம் என்பது வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம். 44.67 என்ற விலையில் உங்களிடம் யூனிட்டை வாங்க யாரும் நிற்கவில்லை. அது நாம் காகிதத்தில் போட்ட ஓர் எண். நீங்கள் விற்கும் நாளில் என்.ஏ.வி 35 என்று இருந்தால் 42.60க்கு வாங்கியவருக்கும் நஷ்டம், 44.67க்கு வாங்கியவருக்கும் நஷ்டம், உங்களுக்குக் கொஞ்சம் குறைவான நஷ்டம், அவ்வளவுதான். "சராசரியைவிடக் குறைந்த விலையில் வாங்குவது உறுதி" என்ற விளம்பர வாக்கியம் கணக்கின்படி சரி. அதை லாபம் உறுதி என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து.

விலை ஏறிக்கொண்டே போனால்? இறங்கிக்கொண்டே போனால்?

மேலே உள்ள அதே ஆறு விலைகளை எடுத்து வரிசையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இதைத் தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் மறக்கவே மறக்காது.

முதலில் ஏறுவரிசை: 30, 40, 40, 48, 50, 60. யூனிட் எண்ணிக்கை அதே 845, சராசரி அதே 42.60. கடைசி விலை 60 என்பதால் மதிப்பு 50,700. நல்ல லாபம்தான். ஆனால் முதல் மாதமே மொத்தத்தையும் போட்டவர் 30 விலையில் 1,200 யூனிட் வாங்கியிருப்பார், அவருடையது 72,000 ஆகியிருக்கும். ஏறுகிற சந்தையில் தவணை முறை உங்கள் வாங்கும் விலையை மேலே இழுக்கிறது. சராசரி ஆவது என்றால் இரண்டு பக்கமும்தான் ஆகும், கீழே மட்டும் இல்லை.

அடுத்து இறங்குவரிசை: 60, 50, 48, 40, 40, 30. மறுபடியும் 845 யூனிட், மறுபடியும் 42.60. ஆனால் கடைசி விலை 30, மதிப்பு 25,350. போட்ட 36,000த்தில் 10,650 போய்விட்டது, கிட்டத்தட்ட முப்பது சதவீதம். மொத்தமாகப் போட்டவர் 600 யூனிட்டோடு 18,000த்தில் நிற்பார், அவருக்குச் சரி பாதி போயிற்று. உங்கள் அடி சின்னது, ஆனால் அடி அடிதான்.

மூன்று வரிசைக்கும் சராசரி 42.60 என்பதைக் கவனியுங்கள். விலைகள் எந்த வரிசையில் வந்தன என்பது சராசரிக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானித்தது கடைசி விலை. சராசரியாகிறது என்ற பேச்சு முழுக்க வாங்கும் பக்கத்தைப் பற்றியது. விற்கும் பக்கத்தில் சராசரி எதுவும் தானாக நடப்பதில்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்றால் அந்த ஒரு நாளின் விலைதான் உங்கள் தலைவிதி.

கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறது. ஒரேயடியாகப் போடலாமா, பிரித்துப் போடலாமா?

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போடுகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. பணம் வரும்போதுதான் போட முடியும். ஏற்கெனவே கையில் பெரிய தொகை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இது உண்மையான தேர்வு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வான்கார்டு என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2012இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றின் பழைய சந்தைத் தரவுகளையும் வைத்துப் பார்த்தது. மொத்தமாகப் போடுவதையும் பன்னிரண்டு மாதத்தில் பிரித்துப் போடுவதையும் ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை மொத்தமாகப் போட்டதே முன்னால் நின்றது. காரணம் எளிது. நீண்ட காலத்தில் பங்கு விலைகள் இறங்கியதைவிட ஏறிய காலம் அதிகம், அதனால் உள்ளே போகாமல் வெளியே காத்திருந்த பணம் பெரும்பாலும் எதையோ இழந்தது.

மீதி மூன்றில் ஒரு முறை இருக்கிறதே, அதில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட மறு மாதமே கால்வாசி இறங்கினால் பதறி எடுத்துவிடுவேன் என்று தோன்றினால் பிரித்துப் போடுங்கள். சராசரியாகக் கொஞ்சம் குறைவான வருமானத்தை விட்டுக்கொடுத்து மனநிம்மதியை வாங்குகிறீர்கள், அது நியாயமான வியாபாரம்தான். ஆனால் ஆறு மாதம், அதிகம் போனால் பன்னிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு இழுத்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வெளியேதான் கிடக்கும்.

சந்தை விழுகிறது. தெளிவாகும்வரை தவணையை நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாமா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மனம் கனக்கிற கேள்வி இதுதான். 2020 மார்ச்சில் உலகம் முழுக்கச் சந்தைகள் விழுந்தபோது எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் இதையே கேட்டார்கள், சிலர் கேட்காமலே நிறுத்தினார்கள்.

முதல் அட்டவணைக்கே போவோம்: 60, 50, 40, 30, 40, 48. ஒருவர் மூன்று மாதம் கட்டினார், விலை தொடர்ந்து இறங்குவதைப் பார்த்து நான்காவது, ஐந்தாவது மாதத் தவணைகளை நிறுத்தினார், விலை ஏறத் தொடங்கிவிட்டது என்று உறுதியானதும் ஆறாவது மாதம் 48இல் தொடர்ந்தார். அவர் போட்டது 24,000. கிடைத்தது 100, 120, 150, 125 ஆக மொத்தம் 495 யூனிட். சராசரி 48.48. இன்றைய விலை 48இல் மதிப்பு 23,760. அதே ஃபண்டு, அதே ஆறு மாதம், நிறுத்தாதவருக்கு 4,560 லாபம், நிறுத்தியவருக்கு 240 நஷ்டம்.

அவர் தவறவிட்டது இரண்டே தவணைதான். ஆனால் அந்த இரண்டு மாதங்களில் கிடைத்திருக்க வேண்டியது 350 யூனிட், மொத்த 845இல் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். இந்த முறையின் பலன் முழுக்க மலிவான மாதங்களில்தான் ஒளிந்திருக்கிறது. அந்த மாதங்களை விட்டுவிட்டு மற்றவற்றைக் கட்டினால் அதிக விலையில் மட்டும் வாங்கியதாக ஆகிவிடும்.

அதே நேரத்தில், வேலை போயிற்று, வீட்டில் மருத்துவச் செலவு, அதனால் நிறுத்துகிறேன் என்றால் அது வேறு விஷயம், அதற்கு வருத்தப்படாதீர்கள். இங்கே ஒரு கசப்பான உண்மை இருக்கிறது: பொருளாதாரம் சரிகிற காலத்தில்தான் சந்தையும் விழும், வேலையும் போகும். இரண்டும் சேர்ந்தே வரும். ஆறு மாதச் செலவுக்காவது தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டுத் தவணையை ஆரம்பித்தவரால்தான் 30 விலையுள்ள மாதத்திலும் கட்ட முடியும். தவணைத் தொகையையும் அதற்கேற்றபடி வைக்க வேண்டும். நல்ல மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத் தொகையை வைக்காதீர்கள், மோசமான மாதத்திலும் கட்ட முடிகிற தொகையாக இருக்கட்டும்.

பத்து வருடமாகக் கட்டுகிறேன். இனி சந்தை விழுந்தாலும் என் சராசரி குறைந்துவிடும்தானே?

குறையும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

புதிதாக ஆரம்பித்தவரைப் பாருங்கள். முதல் மாதம் 60இல் 100 யூனிட், இரண்டாம் மாதமே விலை 30க்கு விழுந்தால் 200 யூனிட். 12,000க்கு 300 யூனிட், சராசரி 60இலிருந்து ஒரே தாவலில் 40க்கு வந்துவிட்டது. இப்போது உங்களைப் பார்ப்போம். 120 தவணை, 7,20,000 போட்டாயிற்று, சராசரி 42.60 என்றால் கையில் 16,901 யூனிட். விலை 30க்கு விழுந்த மாதத்தில் 121ஆவது தவணைக்கு அதே 200 யூனிட்தான் வரும். புதிய சராசரி 42.45. வெறும் 0.15 குறைந்திருக்கிறது.

மறுபக்கம், விழுவதற்கு முன்னால் விலை 60 என்று இருந்திருந்தால் உங்கள் சேமிப்பு பத்து லட்சத்துக்குச் சற்று மேல், இப்போது அது பாதி. ஐந்து லட்சம் கரைகிற இடத்தில் 6,000 தவணை என்ன செய்துவிட முடியும்? சராசரியாகும் வேகம் முதல் இரண்டு மூன்று வருடத்தில் மிக அதிகம், அப்புறம் ஒவ்வொரு தவணையும் பழைய குவியலுக்குப் பக்கத்தில் சின்னதாகிக்கொண்டே போகும். பத்தாம் வருடத்தில் நீங்கள் மாதாமாதம் கட்டினாலும், நடைமுறையில் மொத்தமாகப் போட்டவர் மாதிரிதான் இருக்கிறீர்கள்.

வருடாவருடம் தவணையைப் பத்து சதவீதம் கூட்டினால் உதவுமா என்று கேட்பார்கள். உதவும், ஆனால் எவ்வளவு என்று பார்த்துவிட்டு நம்புங்கள். கூட்டாமல் போனால் 121ஆவது தவணை அதுவரை போட்டதில் 0.8 சதவீதம், கூட்டிக்கொண்டே வந்தால் 1.4 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதிகப் பணம் சேரும் என்பதற்காகத் தவணையைக் கூட்டுங்கள், பெரிய வீழ்ச்சியிலிருந்து காப்பாற்றும் என்பதற்காக அல்ல. அதற்கு, பணம் தேவைப்படும் நாள் நெருங்க நெருங்கச் சேர்ந்த குவியலில் ஒரு பகுதியை அதிகம் ஆடாத இடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

நீண்ட காலம் கட்டினால் நஷ்டமே வராது என்கிறார்களே?

ஜப்பானைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த நாட்டுப் பங்குச் சந்தையின் போக்கைக் காட்டும் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம்.

1990 தொடக்கத்திலிருந்து அந்தக் குறியீட்டில் மாதாமாதம் ஒரே தொகை போட்டவரை நினைத்துப் பாருங்கள். 2003இல் எட்டாயிரத்துக்குக் கீழே, 2009 மார்ச்சில் ஏழாயிரத்தை ஒட்டி என்றெல்லாம் விலை இறங்கியபோது அவர் அள்ளி அள்ளி வாங்கியிருப்பார். வருடச் சராசரிகளை வைத்து நான் தோராயமாகப் போட்ட கணக்கில் 2012 இறுதிக்குள் அவர் வாங்கிய சராசரி விலை பதினான்காயிரத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது. உச்சத்தில் வாங்கியவரோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு விலை, சராசரியாக்குதல் தன் வேலையை அருமையாகச் செய்திருக்கிறது. ஆனால் 2012 இறுதியில் குறியீடு நின்ற இடம் 10,400க்குச் சற்றுக் கீழே. பங்காதாயத்தைச் சேர்க்காமல் பார்த்தால் இருபத்து மூன்று வருடம் விடாமல் கட்டியும் அவர் நஷ்டத்தில்தான் இருந்தார்.

அதே மனிதர் இன்னும் சில வருடம் இருந்து 2015இல் பார்த்திருந்தால் லாபத்தில் இருந்திருப்பார். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர் இன்னும் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால், இந்த முறை எதைத் தரும், எதைத் தராது என்பது தெளிவாக விளங்கும்.

என்.ஏ.வி 10 உள்ள ஃபண்டு மலிவா, 500 உள்ளது விலை அதிகமா?

இரண்டும் இல்லை. 6,000க்கு ஒன்றில் 600 யூனிட், இன்னொன்றில் 12 யூனிட். இரண்டும் பத்து சதவீதம் ஏறினால் இரண்டிலும் 6,600. சராசரிக்கும் இதே கதைதான், விலை எத்தனை சதவீதம் ஆடுகிறது என்பதுதான் கணக்கு.

எந்தத் தேதியில் கட்டினால் நல்லது? வாராவாரம் கட்டினால் சராசரி இன்னும் குறையுமா?

சம்பளம் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு தேதி. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போவதுதான் உண்மையான நஷ்டம், ஐந்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் உள்ள வித்தியாசம் பல வருடத்தில் கரைந்துவிடும். வாராவாரம் கட்டுவதாலும் பெரிதாக எதுவும் மாறாது. சராசரியை அசைப்பது பல மாதம் நீளும் பெரிய ஏற்ற இறக்கம், அதை மாதத் தவணையே பிடித்துவிடும்.

கடன் பத்திர ஃபண்டிலும் இதே மாதிரி கட்டலாமா?

சேமிக்கும் பழக்கத்துக்காகக் கட்டலாம், சராசரிக்காக வேண்டாம். என்.ஏ.வி 44, 45, 46 என்று மெல்ல ஏறுகிற ஃபண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றின் கூட்டுச் சராசரி 45, தவணையில் வாங்கியவரின் சராசரி 44.985. விலை ஆடாத இடத்தில் சராசரியாக்க எதுவுமே இல்லை. அங்கே மொத்தத் தொகை கையில் இருந்தால் பிரித்துப் போடவும் காரணம் இல்லை.

என்னுடைய சராசரி விலையையும் லாபத்தையும் நானே எப்படிக் கணக்கிடுவது?

இதுவரை எதையும் விற்கவில்லை என்றால் சராசரி சுலபம்: போட்ட மொத்தத் தொகையைக் கையில் உள்ள யூனிட் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். கட்டணமோ வரியோ பிடித்துக்கொண்டு மீதிக்கு யூனிட் தந்திருந்தாலும், உங்கள் கையை விட்டுப் போன முழுத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் உண்மையான விலை.

லாப சதவீதத்தில்தான் தப்பு நடக்கும். 36,000 போட்டு 40,560 ஆனதை 12.67 சதவீதம் என்று சொல்லிவிட்டு, வங்கியின் வருட வட்டியோடு ஒப்பிடுவார்கள். அது பொருந்தாது. முதல் தவணை ஐந்து மாதம் உள்ளே இருந்தது, கடைசித் தவணை இன்றைக்குத்தான் போயிற்று. ஒவ்வொரு தவணைக்கும் வேறு வேறு காலம். அதற்கென்றே விரிதாளில் ஒரு சார்பு இருக்கிறது. A பத்தியில் தேதிகள், B பத்தியில் தொகைகள். கட்டிய தவணைகளைக் கழித்தல் குறியோடும், கடைசி வரியில் இன்றைய மதிப்பைக் கூட்டல் எண்ணாகவும் போடுங்கள். ஆறு தவணை, ஒரு மதிப்பு, ஆக ஏழு வரிகள்:

```
=XIRR(B2:B8, A2:A8)
```

பிழைச் செய்தி வந்தால் முதலில் கழித்தல் குறியைச் சரிபாருங்கள், பெரும்பாலும் அதுதான் விட்டுப்போயிருக்கும். இன்னொன்று, ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் இந்த எண்ணை நம்பாதீர்கள். சில மாத ஏற்றத்தை முழு வருடத்துக்கும் நீட்டிப் பெருக்கிக் காட்டும், பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய எண் வரும்.

சந்தை நன்றாக இருக்கிறது, என் ஃபண்டு மட்டும் இறங்குகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று தொடரலாமா?

இங்கே கவனமாக இருங்கள். விலை இறங்கும்போது அதிகம் வாங்குவது நல்லது என்ற வாதம் முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: விலை திரும்ப ஏறும். பல துறைகளில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களைப் பரவலாக வைத்திருக்கும் ஃபண்டுக்கு அந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஒரே துறையை மட்டும் பிடித்திருக்கும் ஃபண்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது, அந்தத் துறையே ஓய்ந்துபோகலாம்.

ஃபண்டு தன்னை எந்தக் குறியீட்டோடு ஒப்பிடுகிறதோ அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். குறியீடும் விழுந்து ஃபண்டும் அதே அளவு விழுந்திருந்தால் அது சந்தையின் வீழ்ச்சி, உங்கள் தவணை அதற்காகத்தான் இருக்கிறது, தொடருங்கள். குறியீடு நிற்கும்போது ஃபண்டு மட்டும் மூன்று வருடமாகப் பின்தங்கிக்கொண்டே இருந்தால் நீங்கள் மலிவாக வாங்கவில்லை, மோசமானதை அதிகமாக வாங்குகிறீர்கள். தவணையை வேறு ஃபண்டுக்கு மாற்றுங்கள். தவணையை நிறுத்தாமல் இடத்தை மட்டும் மாற்றலாம் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் ஒரே தொகையாக எடுத்தால் விற்கும் விலையும் சராசரி ஆகுமா?

ஆகும், ஆனால் இந்த முறை கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். யாரும் அவ்வளவாகப் பேசாத விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

அதே ஆறு விலைகள், இந்த முறை மாதம் 6,000 எடுக்கிறீர்கள். விலை 60 இருக்கும் மாதத்தில் 100 யூனிட் விற்றால் போதும். விலை 30 இருக்கும் மாதத்தில் அதே 6,000க்கு 200 யூனிட்டை விற்க வேண்டும். ஆறு மாதத்தில் 845 யூனிட் போய் 36,000 வந்திருக்கும், சராசரி விற்பனை விலை 42.60. மாதாமாதம் ஒரே எண்ணிக்கையில் யூனிட் விற்றிருந்தால் 44.67 கிடைத்திருக்கும். வாங்கும்போது மலிவான மாதத்துக்கு அதிக எடை கொடுத்து உங்களுக்கு உதவிய அதே வகுத்தல், விற்கும்போதும் மலிவான மாதத்துக்கே அதிக எடை கொடுத்து உங்கள் யூனிட்டுகளைக் கரைக்கிறது. ஓய்வுபெற்ற முதல் சில வருடங்களிலேயே பெரிய வீழ்ச்சி வந்தால் இது ரொம்பவே வலிக்கும். போன யூனிட் போனதுதான், விலை திரும்ப ஏறும்போது அது உங்களிடம் இருக்காது.

யூனிட் கணக்கில் எடுங்கள் என்று சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவராது, மாதச் செலவுக்குத் தொகை நிலையாக வேண்டுமே. இரண்டு மூன்று வருடச் செலவுக்கான தொகையை விலை ஆடாத இடத்தில் தனியாக வைத்துக்கொண்டு, சந்தை விழுந்திருக்கும் மாதங்களில் அதிலிருந்து எடுங்கள், ஏறியிருக்கும் மாதங்களில் ஃபண்டிலிருந்து எடுத்து அதை நிரப்புங்கள். 30 விலையுள்ள அந்த ஒரு மாதத்தை மட்டும் இப்படித் தாண்டினாலே 200 யூனிட் உங்கள் கையிலேயே இருக்கும்.